இரண்டே முக்கால் மணி நேரப் பேச்சிலிருந்து ஒரு முடிவுப் பதிவேடு

"மண்டபம் பக்கம் ஒரு சின்னப் படகுத் துறை வேலை, அண்ணா. டிசைன் ரிவ்யூ நடந்தது. இரண்டே முக்கால் மணி நேர ரெக்கார்டிங்கை என் கையில் கொடுத்து, என்ன முடிவு, என்ன காரணம், எதை ஏன் வேண்டாம் என்றோம், எல்லாம் இருக்கிற மாதிரி எழுதிக் கொடு என்கிறார்கள். முழுவதையும் டைப் செய்து சுருக்கினால் போதுமா? எங்கிருந்து தொடங்குவது?"

டைப் செய்யாதீர்கள் தம்பி. பேச்சைச் சுருக்கினால் சுருங்கிய பேச்சுதான் கிடைக்கும், முடிவு கிடைக்காது. கூட்டத்தில் யாரும் கேள்வி, வழிகள், காரணம், முடிவு என்று வரிசையாகப் பேசுவதில்லை. ஆட்சேபம் முதலில் வரும். முடிவு நடுவில் ஒரு வாக்கியமாக வந்து போய்விடும். அந்த முடிவின் உண்மையான காரணம் முக்கால் மணி நேரம் கழித்து, வேறு எதையோ பேசும்போது வெளியே வரும். பேசிய வரிசையிலேயே எழுதிக்கொண்டு போனால் முடிவு ஒரு பக்கத்திலும் காரணம் ஆறு பக்கம் தள்ளியும் கிடக்கும். படிப்பவர் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே மாட்டார்.

நான் செய்த ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன். உங்கள் வேலை மாதிரியேதான். தேவிபட்டினத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில், வடகடல் பக்கம் ஒரு கிராமம். நாட்டுப்படகும் வல்லமும் வந்து மீன் இறக்க பைல் மேல் கான்கிரீட் மேடை. டிசைனர், சைட் இன்ஜினியர், காண்டிராக்டர் தரப்பில் ஒருவர், கிராமத்திலிருந்து படகு வைத்திருக்கும் ஒரு சம்மாட்டி, நான் என்று ஐந்து பேர் உட்கார்ந்து பேசினோம். எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனில் பதிவு செய்தேன்.

முதல் முறை கேட்கும்போது கையில் இருக்க வேண்டியது அன்றைக்கு மேசையில் விரித்து வைத்திருந்த அதே டிராயிங். திருத்த எண்ணும் அதேதானா என்று பாருங்கள். ரெக்கார்டிங்கில் பாதி வார்த்தை "இது", "அங்க", "இந்த ஓரம்" என்றுதான் இருக்கும். விரல் எங்கே வைத்தார்கள் என்பது ஒலியில் வராது. டிராயிங்கைப் பார்த்துக்கொண்டே கேட்டால் பத்துக்கு ஏழு இடம் புரிந்துவிடும். மீதியை நீங்களாக ஊகிக்காமல் அப்படியே குறித்து வையுங்கள், பிறகு ஆளைக் கேட்டுக்கொள்ளலாம். ஊகித்து எழுதிய "இங்க" ஒன்று எங்கள் வேலையில் இருந்தது. கடைசி வரிசைப் பைல் என்று நான் எழுதினேன், அவர் காட்டியது கரையோர முதல் வரிசையை.

இந்த முதல் ஓட்டத்தில் வாக்கியம் எதுவும் எழுத வேண்டாம். நேரத்தையும் ஓர் எழுத்தையும் மட்டும் போடுங்கள். கேள்வி எழுந்த இடத்தில் கே, ஒரு வழியைச் சொன்னால் வ, காரணம் வந்தால் கா, முடிவு மாதிரி ஏதாவது கேட்டால் மு, பேசிவிட்டு அப்படியே விட்டுவிட்டால் தொ, அதாவது தொங்கல். ஒரு தாளில் 0:34 மு, 0:41 வ, 0:44 கா என்று இறங்கிக்கொண்டே போகும். ஓட்டிக் கேட்கக்கூடிய இடங்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டலாம். எண் வருகிற இடத்தில் மட்டும் இயல்பான வேகத்துக்கு வந்துவிடுங்கள். "ஒண்ணு இருபது" என்று ஒருவர் சொன்னால் அது 1.20 மீட்டரா, 1-க்கு 20 சரிவா, நூற்று இருபது மில்லிமீட்டரா என்பது முன்பின் இரண்டு வாக்கியத்தைக் கேட்டால்தான் தெரியும். மட்டம் என்றால் எதிலிருந்து என்பதும் வேண்டும். கடல் அடித்தரையிலிருந்து ஒருவர் சொல்வார், கடல் வரைபடத்தின் அடிப்படை மட்டமான சார்ட் டேட்டத்திலிருந்து இன்னொருவர் சொல்வார், இருவரும் ஒரே எண்ணைப் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஒத்துப்போவார்கள். டேட்டம் சொல்லாத மட்டம் எதையும் பதிவேட்டில் ஏற்றாதீர்கள்.

இப்போது நம் ஆட்கள் கூட்டத்தில் எல்லோரும் இடறுகிற இடம். "சரி" என்ற சொல். எங்கள் ரெக்கார்டிங்கில் அறுபது, எழுபது சரி இருந்தது. அதில் ஒப்புக்கொண்டதாக வந்தவை பத்து தேறாது. மீதியெல்லாம் கேட்டேன் என்ற சரி, மேலே சொல்லுங்கள் என்ற சரி, இத்தோடு இதை விடுவோம் என்ற சரி. இதைப் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, சரி சொன்ன பிறகு அந்த ஆள் என்ன செய்தார் என்று கேட்பது. "சரி, அப்ப அம்பதே வச்சு டிராயிங் மாத்திடறேன்" என்றால் முடிவு. "சரி... ஆனா அந்தத் தண்ணி விஷயம்" என்று வேறு பக்கம் போனால் முடிவு இல்லை. "பாத்துக்கலாம்" என்பது எப்போதும் தொங்கல்தான், எவ்வளவு உறுதியான குரலில் சொன்னாலும். "சார் சொன்னா சரிதான்" என்பது மரியாதை. அதை ஒப்புதலாக எழுதினால், பின்னால் அந்த மனிதர் "நான் ஒத்துக்கவே இல்லையே" என்பார். அது நியாயமும்கூட.

யார் சொன்னால் முடிவு என்பதையும் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். கவர், அதாவது கம்பியை வெளியே மூடி நிற்கும் கான்கிரீட்டின் தடிமன், எவ்வளவு என்பதை டிசைனர் சொன்னால் முடிவு. காண்டிராக்டர் ஆள் சொன்னால் அது யோசனை. எவ்வளவு உயரத்தில் மீன் இறக்க முடியும் என்பதில் சம்மாட்டி சொல்வது காரணத்திலேயே கனமான காரணம். ஆனாலும் மேடை மட்டத்தை முடிவு செய்தவர் டிசைனர் என்றுதான் வரி இருக்க வேண்டும், ஏனென்றால் கையெழுத்து அவருடையது.

இரண்டாம் ஓட்டத்தில் முன்னாலிருந்து கேட்காதீர்கள். தாளில் உள்ள ஒவ்வொரு மு-வையும் எடுத்து அதிலிருந்து பின்னோக்கிப் போங்கள். இது எந்தக் கேள்விக்குப் பதில், அந்தக் கேள்வி எங்கே தொடங்கியது, நடுவில் என்னென்ன வழிகள் வந்தன, ஒவ்வொன்றும் எந்த வாக்கியத்தில் விழுந்தது என்று. அதன்பின் அந்த மு-விலிருந்து ரெக்கார்டிங் முடியும்வரை முன்னோக்கியும் ஒருமுறை தேடுங்கள், அதே கேள்வியை யாராவது மறுபடி திறந்தார்களா என்று. பெரும்பாலானவர்கள் இந்தப் பாதியைச் செய்வதில்லை. எங்கள் வேலையில் முழுச் சிக்கலும் இதில்தான் இருந்தது.

நடந்தது இதுதான். 0:34-ல் பீம் கம்பிக்குக் கவர் எவ்வளவு என்ற பேச்சு முடிந்தது. மேடையின் மேல்மட்டம் சார்ட் டேட்டத்திலிருந்து 2.1 மீட்டர். பீமின் மொத்த ஆழம் ஸ்லாபோடு சேர்த்து 600 மில்லிமீட்டர். அப்படியென்றால் பீமின் அடி 1.5 மீட்டரில் நிற்கும். அந்த இடத்தில் சாதாரண உயர் ஓத மட்டம் 0.8 என்று வைத்துக்கொண்டார்கள். பாக் விரிகுடாவில் ஏற்ற வற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆகவே பீமைக் கடல் நீர் தொடாது, சாரல் மட்டும் படும். ஐ.எஸ். 456:2000-ல் கடல் சாரல் படும் பரப்பு "மிகக் கடுமை" வகை. அதற்குக் குறைந்தபட்சம் எம்35 கான்கிரீட், 50 மில்லிமீட்டர் கவர். டிசைனர் "அம்பது, எம்35" என்றார், சைட் இன்ஜினியர் குறித்துக்கொண்டார். தெளிவான முடிவு.

1:49-ல் சம்மாட்டி பேசினார். அவர் அதுவரை அதிகம் பேசவில்லை. "நீங்க சொல்ற ஒசரத்துல வல்லத்துல நின்னுக்கிட்டு கூடையத் தூக்கி மேல வைக்க முடியாது தம்பி. தண்ணி வத்துன நேரம் தலைக்கு மேல போயிரும். பொம்பளையாளுக கீழ குனிஞ்சு வாங்கவும் முடியாது" என்றார். அதற்குப் பிறகு ஏழு நிமிடம் வழிகளைப் பேசினார்கள். முன்பக்கம் படிக்கட்டு வைக்கலாமா என்றார்கள். மிதவை மேடை கட்டிச் சங்கிலியில் பிணைக்கலாமா என்றார்கள். கடைசி 12 மீட்டரை மட்டும் தாழ்த்தலாமா என்றார்கள். 1:56-ல் டிசைனர், "சரி, கடைசி 12 மீட்டர் மட்டும் ஒண்ணு இருபதுல வச்சிருவோம், வாடை அடிக்கிற சமயம் மேல தண்ணி ஏறும், அன்னைக்கு எப்படியும் யாரும் கடலுக்குப் போகப்போறதில்ல" என்றார். இதுவும் தெளிவான முடிவுதான்.

அப்புறம் பேச்சு விளக்குக் கம்பத்துக்குப் போய்விட்டது. கவரை யாரும் திரும்பத் தொடவில்லை. மேல்மட்டம் 1.2 ஆனால் பீமின் அடி 0.6-க்கு இறங்கிவிடும். உயர் ஓதம் 0.8. அந்த 12 மீட்டரில் பீமின் அடி தினமும் நனைந்து காயும். அது ஓத மண்டலம். அதே ஐ.எஸ். 456-ல் ஓத மண்டலத்தில் உள்ள உறுப்பு "மிக மிகக் கடுமை" என்ற கடைசி வகை, எம்40-க்குக் குறையக் கூடாது, கவர் 75. இரண்டு முடிவும் தனித்தனியாகச் சரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மற்றதை உடைத்துவிட்டது. பேச்சு நடந்துகொண்டிருந்தபோது ஐந்து பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும்தான். பதிவேடு எழுதும்போதுதான் தெரிந்தது.

எப்படித் தெரிந்தது என்றால், ஒவ்வொரு வரியிலும் "எதை நம்பி" என்று ஒரு கட்டம் வைத்திருப்பேன். காரணம் வேறு, இது வேறு. காரணம் என்பது இதை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பது. எதை நம்பி என்பது, எது உண்மையாக இருக்கும்வரை இந்த முடிவு நிற்கும் என்பது. கவர் வரியில் அந்தக் கட்டத்தில் "பீம் அடி 1.5 மீட்டர்" என்று எழுதியிருந்தேன். மட்டத்தை மாற்றிய வரியை எழுதி முடித்து, இந்த எண்ணை வேறு எந்த வரி நம்பியிருக்கிறது என்று மேலே பார்த்தபோது கண்ணில் பட்டது.

இரண்டு வரியையும் அப்படியே தருகிறேன்.

முடிவு 3. கேள்வி: மேடை பீமுக்குக் கவர், கான்கிரீட் தரம் என்ன? முடிவு: கவர் 50 மி.மீ., எம்35. காரணம்: கடல் நீர் தொடாது, சாரல் படும். எதை நம்பி: பீம் அடி சார்ட் டேட்டத்திலிருந்து 1.5 மீ., உயர் ஓதம் 0.8 மீ. முடிவெடுத்தவர்: டிசைனர். இடம்: 0:31 முதல் 0:34. நிலை: கேள்விக்குரியது, முடிவு 9 பார்க்க.

முடிவு 9. கேள்வி: வல்லத்திலிருந்து கூடை இறக்க மேடை மட்டம் என்ன? முடிவு: கடைசி 12 மீ. மட்டும் மேல்மட்டம் 1.2 மீ., மற்ற இடம் 2.1 மீ. காரணம்: வற்றத்தில் கூடையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டியிருக்கும் (சம்மாட்டி சொன்னது). விட்டது: முழு மேடையையும் தாழ்த்துவது, ஏனென்றால் வாடைக் காலத்தில் ஐஸ் பெட்டியும் வலையும் வைக்க மேடான இடம் வேண்டும். விட்டது: முன்பக்கப் படிக்கட்டு, ஏனென்றால் பாசி பிடித்து வழுக்கும், கூடையோடு ஏற முடியாது. விட்டது: மிதவை மேடை, ஏனென்றால் அலைத்தடுப்பு இல்லாத திறந்த கரை, வாடைக் காற்றில் சங்கிலியும் கீலும் நிற்காது. மறுபடி எடுக்க: அந்தக் கரைக்கு அலைத்தடுப்புச் சுவர் வந்தால் மிதவையைத் திரும்பப் பார்க்கலாம். எதை நம்பி: உயர் ஓதம் 0.8 மீ. முடிவெடுத்தவர்: டிசைனர். இடம்: 1:49 முதல் 1:56. நிலை: உறுதி. பாதிப்பது: முடிவு 3.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முடிவு 3-ல் நான் 75 என்று திருத்தவில்லை. விதி எனக்குத் தெரியும், கணக்கும் தெரியும், ஆனால் கூட்டத்தில் யாரும் 75 என்று சொல்லவில்லை. சொல்லாத முடிவைப் பதிவேட்டில் ஏற்றினால் அது பதிவேடு இல்லை, என் அபிப்பிராயம். கேள்விக்குரியது என்று எழுதி, டிசைனருக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினேன். அவர் கையில் இன்னும் வேறு வழிகள் இருக்கலாம், பீம் ஆழத்தைக் குறைத்து அடியை ஏற்றுவது மாதிரி. கவரைக் கூட்டுவதும் சும்மா வருவதில்லை. 600 ஆழப் பீமில் 10 மி.மீ. வளையம், 25 மி.மீ. முதன்மைக் கம்பி என்றால், 50 கவரில் பயன்படும் ஆழம் 527.5. கவர் 75 ஆனால் 502.5. ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து குறைகிறது, கம்பி அந்த அளவுக்குக் கூட வேண்டும். கவர் கூடினால் வெளிப்பரப்பில் விரிசல் அகலமும் கூடும், அதையும் அவர் சரிபார்க்க வேண்டும். அதெல்லாம் எழுதுபவரின் வேலை இல்லை.

விட்ட வழிகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் சுருக்கும்போது முதலில் கெட்டுப்போவது அதுதான். இதற்கு முந்தைய ஒரு வேலையில் நான் பட்டது. அந்த ரிவ்யூவில் எபாக்ஸி பூசிய கம்பி போடலாமா என்று இருபது நிமிடம் பேசியிருந்தார்கள். மினிட்ஸ் எழுதியவர் "எபாக்ஸி பூசிய கம்பி கடற்கரைக்குப் பொருத்தமில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். சில வருடம் கழித்து அதே அலுவலகத்தின் வேறொரு வேலையில், தொழிற்சாலையிலேயே வெட்டி வளைத்து, அதன் பிறகு பூச்சுப் போட்டு அனுப்பும் வழி கிடைத்தது. பழைய மினிட்ஸைக் காட்டி, ஏற்கெனவே வேண்டாம் என்று முடிவான பொருள் என்று அதைத் தள்ளிவிட்டார்கள். பழைய ரெக்கார்டிங்கைத் தேடியெடுத்துக் கேட்டபோதுதான் தெரிந்தது, அன்றைக்குப் பொருளைப் பற்றிய ஆட்சேபமே இல்லை. பேசியது முழுவதும் சைட்டைப் பற்றி. நேர்க் கம்பியாக வரும், சைட்டில் வளைத்தால் வளைவில் பூச்சு வெடிக்கும், லாரியிலிருந்து இழுத்துப் போடும்போது கீறும், கீறிய இடத்தைப் பூச அந்தச் சைட்டில் மருந்தும் இல்லை, ஆளும் இல்லை, கீறல் உள்ள இடத்தில் துரு ஒரே புள்ளியில் குவிந்து கம்பியைத் தின்றுவிடும். இந்தக் காரணம் அத்தனையும், வளைத்த பிறகு பூசி, பட்டைப் பெல்டில் தூக்கி இறக்கினால் பெரும்பாலும் போய்விடுகிறது.

ஆகவே விட்ட வழிக்கு மூன்று துண்டு கட்டாயம் வேண்டும். எது, ஏன், எது மாறினால் மறுபடி எடுக்கலாம். மூன்றாவது துண்டை யாரும் வாயால் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் காரணத்தைச் சரியாக எழுதினால் அது தானாக வரும். வரவில்லை என்றால் காரணத்தை இன்னும் முழுதாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம், திரும்பப் போய்க் கேளுங்கள். "பொருத்தமில்லை", "சாத்தியமில்லை", "செலவு அதிகம்" என்ற சொற்களை என் பதிவேட்டில் தனியாக நிற்க விடமாட்டேன். செலவு அதிகம் என்றால் எதோடு பார்க்கையில், அன்றைக்குச் சொன்ன தொகை என்ன, யார் சொன்னது என்று இருக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை அன்றைக்கு விட்டது விலையால்தான். விலை மாறக்கூடிய காரணம், பாசி மாறாத காரணம். இரண்டும் ஒரே மாதிரி எழுதப்பட்டால் பின்னால் வருபவருக்கு எதைத் திரும்ப யோசிக்கலாம் என்று தெரியாது.

நிபந்தனையோடு வந்த முடிவுகளையும் அப்படியே நிபந்தனையோடு எழுத வேண்டும். எங்கள் கூட்டத்தில் 2:10-க்குக் கான்கிரீட் கலக்க எந்தத் தண்ணீர் என்று வந்தது. காண்டிராக்டர் ஆள், "நம்ம போர் தண்ணியே போதும் சார், வாயில வச்சாக் கரிக்கல" என்றார். அந்தத் தண்ணீரிலேயே வளர்ந்த நாக்கு சொல்வதை வைத்துக் கான்கிரீட் போட முடியாது. கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. டிசைனர், "டெஸ்ட் பண்ணுங்க, அதுக்குள்ள வந்தா போர், இல்லைன்னா லாரித் தண்ணி, க்யூரிங்குக்கும் அதேதான்" என்றார். இதை "போர் தண்ணீர் அனுமதி, சோதனைக்கு உட்பட்டு" என்று எழுதிவிட்டால் சைட்டில் முதல் இரண்டு சொல்தான் நிற்கும். நான் எழுதியது, "சோதனை முடிவு வரும்வரை போர் தண்ணீரில் கான்கிரீட் இல்லை" என்று. பொருள் ஒன்றுதான், ஆனால் தாளைப் படித்துவிட்டு மிக்சரை ஓட்டப் போகிறவர் என்ன செய்வார் என்பது வேறாகிவிடுகிறது.

ஒவ்வொரு முடிவுக்கும் உரிய ஒலித் துண்டை வெட்டித் தனியாக வைத்துவிடுங்கள். முழு ரெக்கார்டிங்கை யாரும் திறந்து தேட மாட்டார்கள், எட்டு நிமிடத் துண்டு என்றால் கேட்பார்கள். கணினியில் ffmpeg இருந்தால் ஒரு வரிதான்:

```
ffmpeg -ss 01:48:30 -to 01:56:30 -i review.m4a -c copy mudivu_09.m4a
```

முடிவு தொடங்குவதற்கு அரை நிமிடம் முன்னாலிருந்து வெட்டுங்கள். இல்லையென்றால் கேள்வி துண்டில் இல்லாமல் போய்விடும்.

எழுதி முடித்ததும் முழுவதையும் எல்லோருக்கும் அனுப்பி, பார்த்துச் சொல்லுங்கள் என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொருவருக்கும் அவர் பெயரில் உள்ள வரிகளை மட்டும், சந்தேகமான இடத்தைக் கேள்வியாக மாற்றி அனுப்புங்கள். சம்மாட்டிக்கு நான் தாள் அனுப்பவில்லை. போனில் அவர் சொன்ன காரணத்தைப் படித்துக் காட்டி, "அண்ணே, இதுதானே நீங்க சொன்னது" என்று கேட்டேன். "ஆமா தம்பி, ஆனா படிக்கட்டு வேணாம்னது பாசிக்காக மட்டுமில்ல, வல்லத்தோட அணியம் படியில முட்டும்" என்றார். ரெக்கார்டிங்கில் அது இல்லை. அதையும் சேர்த்தேன், "கூட்டத்துக்குப் பிறகு போனில் சொன்னது" என்ற குறிப்போடும் தேதியோடும்.

நேரம் எவ்வளவு ஆகும் என்றால், எனக்கு ஒரு மணி நேர ரெக்கார்டிங்குக்கு இரண்டரை மணி நேரம் பிடிக்கிறது. உங்களுடையதற்கு ஒரு முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள், கூட்டம் நடந்து இரண்டு மூன்று நாளுக்குள். தள்ளிப்போட்டால் "இங்க" எங்கே என்பதை ஆட்களே மறந்துவிடுவார்கள்.

டிசைனரிடமிருந்து மறுநாள் பதில் வந்தது. கடைசி 12 மீட்டருக்கு எம்40, கவர் 75, கம்பியைத் திருத்தி புது டிராயிங். அதை முடிவு 14 என்று புது வரியாக ஏற்றினேன். முடிவு 3-ஐ அழிக்கவில்லை. அதன் நிலையில் "2.1 மீ. மேடைப் பகுதிக்கு மட்டும், கடைசி 12 மீட்டருக்கு முடிவு 14" என்று மாற்றினேன். 50 மி.மீ. கவர் பிளாக் அதற்குள் சைட்டுக்கு வந்து இறங்கியிருந்தது. சைட் இன்ஜினியர் அதைத் தனிக் குவியலாக ஒதுக்கி, 75-க்கு வேறு அச்சில் போடச் சொன்னார். குவியலின் மேல் பெயிண்டில் 3 என்றும் 14 என்றும் எழுதி வைத்திருந்தார்.